சொல் எண்ணிக்கையா, கண்டறி மென்பொருளா?

ஆய்வுக் கட்டுரைகளில் சாட்ஜிபிடி எவ்வளவு நுழைந்திருக்கிறது என்று பார்க்க இரண்டு வழிகள் உண்டு: ஒவ்வொரு கட்டுரையையும் கண்டறி மென்பொருளில் போட்டுப் பார்ப்பது, அல்லது சாட்ஜிபிடி அதிகம் கையாளும் சொற்கள் எவ்வளவு கூடியிருக்கின்றன என்று எண்ணுவது. எதை எடுப்பது என்ற குழப்பம் நூலகர்களுக்கும் இதழாசிரியர்களுக்கும் இருக்கிறது.

என்ன தேவை?
மென்பொருள்: ஒரே ஒரு கட்டுரை போதும்.
சொல் எண்ணிக்கை: பல ஆண்டுக் கட்டுரைகளின் சுருக்கங்கள் வேண்டும். மருத்துவ ஆய்வுத் தரவுத்தளமான பப்மெட்டின் 2010–2024 சுருக்கங்களை வைத்து ஒரு குழு இதைச் செய்தது. 2021, 2022 போக்கை நீட்டி 2024-இல் ஒரு சொல் எவ்வளவு வரவேண்டும் என்று கணித்து, உண்மையில் வந்ததோடு ஒப்பிட்டார்கள். 'டெல்வ்ஸ்' என்ற ஆங்கிலச் சொல் இருபது மடங்குக்கு மேல் எகிறியிருந்தது.

ஆனால் அளவைச் சொல்வது மடங்கு அல்ல, இடைவெளி. ஒரு சொல் 4% சுருக்கங்களில் வரவேண்டியது 9%-இல் வந்தால், குறைந்தது 5% சுருக்கங்களில் இயந்திரம் கைவைத்திருக்கிறது. அந்தச் சொல் இல்லாத இயந்திர எழுத்து கணக்கில் வராது, அதனால்தான் 'குறைந்தது'. பல சொற்களைச் சேர்த்து அந்தக் குழு 2024 சுருக்கங்களுக்குக் கண்ட கீழ்வரம்பு 13.5%.

எங்கே தவறும்?
மென்பொருள்: 2023-இல் சோதித்தபோது, ஆங்கிலம் தாய்மொழி அல்லாதவர்களின் டோஃபெல் ஆங்கிலத் தேர்வுக் கட்டுரைகளில் பாதிக்கு மேல் இயந்திர எழுத்து என்றது. இது பெரிய அநியாயம்.
சொல் எண்ணிக்கை: புது நோய் வந்தாலும் சொற்கள் ஏறும். கொரோனா காலத்தில் ஏறியவை பெரும்பாலும் பொருள் சார்ந்த பெயர்ச்சொற்கள். 2024-இல் ஏறியவை நடை சார்ந்த வினைகளும் பெயரடைகளும். அப்புறம், ஒரு சொல்லின் பெயர் கெட்டதும் எழுதுபவர்களே அதை நீக்கிவிடுகிறார்கள். பட்டியலைப் புதுப்பித்தே ஆகவேண்டும்.

துறை, நாடு, இதழ் வாரியாகப் போக்கு தெரியவேண்டுமா? சொல்லை எண்ணுங்கள். ஒருவர்மேல் குற்றம் சாட்ட இரண்டுமே போதாது. அவருடைய வரைவுகளைக் கேட்டுப் பாருங்கள்.