ஏறும் பலூன் கணக்கு: tan சமன்பாடா, நேர்மாறு tan-ஆ?

மரினா அணைக்கட்டின் புல்மேட்டில் நிற்கிறீர்கள். 100 மீட்டர் தள்ளி ஒரு பலூன் நேர்மேலே வினாடிக்கு 2 மீட்டர் ஏறுகிறது. ஏற்றக்கோணம் 45 பாகையைத் தொடும்போது அது எவ்வளவு வேகமாக மாறும்? துணைப்பாடத்துக்கு வரும் தொடக்கக்கல்லூரிப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லித்தர இரண்டு வழிகள் உண்டு. நான் முதல் வழியைத்தான் வைத்திருக்கிறேன்.

ஏற்றக்கோணம் θ, பலூனின் உயரம் h, கிடைத்தொலைவு d என்று வைத்துக்கொள்வோம். முதல் வழியில் tan θ = h/d என்பதை அப்படியே நேரத்தைப் பொறுத்து வகையிடுவோம்:

sec²θ · dθ/dt = (1/d) · dh/dt

45 பாகையில் sec²θ = 2. ஆகவே dθ/dt = 2/(100 × 2) = 0.01 ரேடியன், அதாவது வினாடிக்கு அரைப் பாகைக்குச் சற்று மேல்.

இரண்டாவது வழியில் கோணத்தைத் தனியே பிரித்து θ = tan⁻¹(h/d) என எழுதி வகையிட வேண்டும்:

dθ/dt = d · (dh/dt) / (d² + h²)

விடை அதேதான். கேள்வியில் உயரம் கொடுத்திருந்தால் இதுவே சுருக்கம். h-ஐப் போட்டால் வேலை முடிந்தது.

அப்புறம் ஏன் முதல் வழி? கணக்கைத் திருப்பிக் கேட்டால் தெரியும். தரையில் நிற்பவரால் உயரத்தை அளக்க முடியாது, கோணத்தைத்தான் அளக்க முடியும். 45 பாகையில் கோணம் வினாடிக்கு 0.5 பாகை கூடுகிறது, பலூனின் வேகம் என்ன? முதல் வழியில் வகையிட்ட சமன்பாட்டில் h இல்லாததால் கோணத்தை நேராகப் போடலாம். 0.5 பாகை என்பது 0.00873 ரேடியன். 100 × 2 × 0.00873, ஏறக்குறைய வினாடிக்கு 1.75 மீட்டர். இரண்டாவது வழியில் முதலில் h-ஐக் கண்டுபிடித்துவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். பாகையை ரேடியனாக மாற்ற மறந்தால் வினாடிக்கு 100 மீட்டர் என்று வரும். அப்படி ஏறும் பலூனை யாரும் பார்த்ததில்லை என்பதால் பிழை உடனே பிடிபடும்.

sec²θ இன்னொன்றையும் காட்டிக்கொடுக்கிறது. கோணத்தில் 1 பாகை பிசகினால், 45 பாகையில் உயரம் சுமார் மூன்றரை மீட்டர் தவறும். 80 பாகையில் sec²θ ஏறக்குறைய 33. அதே பிசகு கிட்டத்தட்ட 58 மீட்டராகிவிடும். பலூன் தலைக்கு மேலே வரும்வரை காத்திருந்து அளப்பது வீண்வேலை.

காற்று பலூனைத் தள்ளினால் d மாறிலி இல்லை. h = d tan θ என்று வைத்து வகையிட்டால் கூடுதலாக ஓர் உறுப்பு வரும்:

dh/dt = tan θ · dd/dt + d sec²θ · dθ/dt

வினாடிக்கு 1 மீட்டர் விலகும் பலூனுக்கு, 45 பாகையில் இந்த உறுப்பே 1 மீட்டர் வேகம். விலகலைக் கவனிக்காதவர் ஏறும் வேகத்தில் அவ்வளவையும் தவறவிடுவார். இது காகிதத்தில் போட்ட கணக்குதான். வெளியில் நின்று நான் அளந்து பார்த்ததில்லை. பலூன் பக்கவாட்டில் விலகினால் முப்பரிமாணப் படமே வேண்டும், அங்கே இந்த இரண்டு வழிகளுமே தனியாகப் போதாது.