ஒரே அட்டவணை, மூன்று பரிந்துரைகள்

முதுநிலை செவிலியப் படிப்பின் ஆய்வேடுகளில் கடைசி அத்தியாயத்துக்கென்று ஓர் அச்சு உண்டு. செவிலியப் பணி, செவிலியக் கல்வி, செவிலிய நிர்வாகம், செவிலிய ஆராய்ச்சி என நான்கு துணைத் தலைப்புகள், ஒவ்வொன்றின் கீழும் மூன்று நான்கு வரிகளில் பரிந்துரைகள். அதுவரை தசமப் புள்ளி பிசகாமல் எழுதிவந்த மாணவர், இங்கே வந்ததும் மேடைப் பேச்சாளர் ஆகிவிடுவார். என் பழைய ஆய்வேட்டிலும் "அரசு ஆவன செய்ய வேண்டும்" என்று ஒரு வரி இருக்கிறது. இப்போது பிறர் எழுதியதைத் திருத்துகிறவளாக இருப்பதால், அந்த வரி அடிக்கடி நினைவில் வந்து உறுத்துகிறது.

பரிந்துரையை எடைபோடுவது எப்படி என்று பொதுவாகப் பேசினால் அதுவும் மேடைப் பேச்சாகிவிடும். ஆகவே ஓர் ஆய்வை நானே கட்டிக்கொள்கிறேன். எண்கள் எல்லாம் நான் இட்டவை. ஆனால் செவிலியக் கல்லூரி வாசலை மிதித்தவர்களுக்கு இந்த மாதிரி ஆய்வு பழகியதாகத்தான் இருக்கும்.

ஒரு மருத்துவமனையின் சர்க்கரை நோய்ப் புறநோயாளர் பிரிவு. 60 நோயாளிகள். பாதப் பராமரிப்பு பற்றி 30 கேள்விகள் கொண்ட வினாத்தாள் ஒன்றை முதலில் கொடுக்கிறார்கள். பிறகு ஆறு ஆறு பேராக உட்காரவைத்து, பட அட்டைகளோடு 45 நிமிடம் வகுப்பு. ஏழாம் நாள் அதே வினாத்தாள் மறுபடியும். சராசரி மதிப்பெண் 11-லிருந்து 21-க்கு ஏறுகிறது. ஒப்பிட்டுப் பார்க்க வகுப்பில் சேராத குழு எதுவும் இல்லை. இந்த ஒரே அட்டவணையிலிருந்து மூன்று மாணவர்கள் மூன்று பரிந்துரை எழுதுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம்.

முதலாவது: "சர்க்கரை நோயாளிகளின் பாதப் பராமரிப்பு குறித்த விழிப்புணர்வை அனைத்து நிலைகளிலும் ஏற்படுத்தச் சம்பந்தப்பட்டவர்கள் நடவடிக்கை எடுக்க வேண்டும்."

இரண்டாவது: "மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் பெண் சுகாதாரத் தன்னார்வலர்கள், மாத்திரை கொடுக்க வீட்டுக்குச் செல்லும்போது பாதப் பராமரிப்பையும் கற்பிக்க வேண்டும். இதனால் கால் இழப்புகள் குறையும்."

மூன்றாவது: "இந்தப் புறநோயாளர் பிரிவில், உணவுக்குப் பிந்தைய ரத்தப் பரிசோதனைக்காக நோயாளிகள் காத்திருக்கும் இரண்டு மணி நேரத்தில், ஆறு பேர் கொண்ட குழுக்களுக்கு ஒரு செவிலியர் இதே வகுப்பை நடத்தலாம்."

முதலாவதைப் பற்றி நிறையச் சொல்ல ஒன்றுமில்லை. அதை யாராலும் மறுக்க முடியாது என்பதே அதன் குறை. ஆறு மாதம் கழித்துப் போய், "நீங்கள் இதைச் செய்யவில்லையே" என்று எவரையாவது கேட்க முடியுமா? "சம்பந்தப்பட்டவர்கள்" என்று யாரும் எந்த அலுவலகத்திலும் உட்கார்ந்திருப்பதில்லை. இன்னொரு சோதனையும் உண்டு: ஆய்வையே நடத்தாமல் இந்த வரியை எழுதியிருக்க முடியுமா? முடியும். 60 பேர் கையில் வினாத்தாளைக் கொடுக்காமலே, வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தே எழுதியிருக்கலாம்.

இரண்டாவதுதான் ஆளை ஏமாற்றுகிறது. தேர்வாளர்கள் பலரும் இதற்குத்தான் முழு மதிப்பெண் போடுவார்கள், நானும் போட்டிருக்கிறேன். திட்டத்தின் பெயர் இருக்கிறது, 2021 ஆகஸ்டு முதல் அது நடப்பில் இருக்கிறது, யார் செய்வது, எப்போது செய்வது என்பதும் இருக்கிறது. தன்னார்வலர் எப்படியும் அந்த வீட்டுக்குப் போகிறவர். கூடுதலாகப் பஸ் கட்டணம்கூட ஆகாது. நடைமுறை சாத்தியம் என்ற தராசில் வைத்தால் மூன்றிலும் இதுவே கனமானது.

ஆனால் அதன் ஒவ்வொரு சொல்லையும் பிடித்து, "உன் தாய் எந்த அட்டவணை?" என்று கேட்டுப் பாருங்கள். ஆய்வில் கற்பித்தவர் முதுநிலை படிக்கும் செவிலியர். பரிந்துரையில் கற்பிப்பவர் தன்னார்வலர். ஆய்வு நடந்த இடத்தில் ஆறு பேர் சேர்ந்து கேட்டார்கள், ஒருவர் சந்தேகத்தை இன்னொருவர் தீர்த்தார். வீட்டில் ஒருவர் தனியாகக் கேட்கப்போகிறார், அதுவும் அடுப்பில் குழம்பு கொதிக்கும் நேரத்தில். இவை இரண்டையும்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். மூன்றாவது தாவல்தான் பெரியது. ஆய்வு அளந்தது வினாத்தாள் மதிப்பெண்ணை; பரிந்துரை வாக்களிப்பதோ கால் இழப்பு குறையும் என்பதை. இரண்டுக்கும் நடுவே தெரிந்துகொள்வது, தெரிந்ததைச் செய்வது, செய்ததால் புண் வராமல் இருப்பது, வந்த புண் முற்றாமல் இருப்பது என்று நான்கு படி இருக்கிறது. ஆய்வு ஏறியது முதல் படியில் மட்டும்.

இந்த இடைவெளி வெறும் தர்க்கப் பிடிவாதம் அன்று. பாதப் புண்ணைத் தடுக்க நோயாளிக்குக் கற்பிப்பது பற்றி, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பின் திறனாய்வு ஒன்று உண்டு. அதன் 2014-ஆம் ஆண்டுப் பதிப்பு 12 சோதனைகளைச் சேர்த்துப் பார்த்தது. அறிவும், நோயாளிகள் தாமே சொல்லும் பழக்கங்களும் குறுகிய காலத்தில் சில சோதனைகளில் மேம்படுவதாகத் தெரிகிறது. ஆனால் கற்பித்தல் மட்டுமே புண்ணையும் கால் இழப்பையும் குறைக்கும் என்று சொல்லப் போதிய வலுவான சான்று இல்லை என்பதே அதன் முடிவு. இரண்டாவது அத்தியாயத்தில் முன் ஆய்வுகளை அலசும்போது மாணவர் இதைப் படித்திருக்க வேண்டும். படித்துவிட்டுக் கடைசி அத்தியாயத்தில் மறந்துவிட்டார் என்றால், அந்தப் பரிந்துரை அவருடைய ஆய்வோடு மட்டுமல்ல, அவருடைய ஆய்வேட்டோடும் ஒட்டவில்லை.

மூன்றாவதுக்கு வருவோம். சர்க்கரைப் பரிசோதனைக்குப் போனவர்களுக்கு அந்தக் காத்திருப்பு தெரியும். வெறும் வயிற்றில் ரத்தம் கொடுத்துவிட்டு, வாசலில் நான்கு இட்லி சாப்பிட்டுவிட்டு, இரண்டு மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்ப்பது. ஆய்வின் வகுப்பு நடந்ததும் அந்த இடைவேளையில்தான் என்று கொள்வோம். அப்படியானால் இடம், ஆள் எண்ணிக்கை, நேரம் எல்லாமே ஆய்வில் சோதித்துப் பார்த்தவை. கால் இழப்பு பற்றிய வாக்குறுதி இல்லை. வினைமுற்றும் "வேண்டும்" அன்று, "லாம்".

இந்த "லாம்" சின்ன விஷயமில்லை. மருத்துவ வழிகாட்டுநெறிகளை எழுதுகிறவர்கள் பின்பற்றும் கிரேடு முறையில், வலுவான பரிந்துரைக்கு ஒரு வினைச்சொல்லும் நிபந்தனைக்குட்பட்ட பரிந்துரைக்கு வேறொரு வினைச்சொல்லும் வைத்திருக்கிறார்கள். தமிழில் அதற்குத் தனிச்சொல் தேடவே வேண்டாம். விகுதியே அந்த வேலையைச் செய்துவிடும். கட்டுப்பாட்டுக் குழு இல்லாத ஆய்வில், ஒரே வினாத்தாளை இரண்டாம் முறை பார்த்ததால் ஏறிய மதிப்பெண் எவ்வளவு, வகுப்பால் ஏறியது எவ்வளவு என்று பிரிக்க முடியாது. அப்படிப்பட்ட ஆய்வுக்கு "லாம்" என்பதே தாங்கும் எடை.

அதற்காக மூன்றாவதை அப்படியே கையொப்பமிட்டு அனுப்பிவிட மாட்டேன். கணக்குப் போட்டுப் பார்ப்போம். இரண்டு மணி நேரத்தில் 45 நிமிட வகுப்பு இரண்டு நடத்தலாம். ஆக ஒரு நாளைக்கு 12 பேர். வாரம் ஒரு நாள் 60 பேர் வரும் பிரிவு, ஒவ்வொருவரும் மாதம் ஒரு முறை வருகிறார் என்றால், மொத்தம் ஏறத்தாழ 240 பேர். எல்லாருக்கும் ஒரு சுற்று முடிக்க 20 வாரம் ஆகும். அது பரவாயில்லை. ஆனால் அந்த இரண்டு மணி நேரம் ஊசி போடும் அறையில் யார் நிற்பது? ஆய்வை நடத்திய மாணவி பணிப்பட்டியலில் இல்லாதவர், ஓர் உபரிக் கை. அவர் போன பிறகு அந்தக் கை இல்லை. மாணவர் இதை எழுதவில்லை; எழுதத் தோன்றியும் இருக்காது, ஏனென்றால் அவருக்கு அது குறைந்ததே இல்லை.

உடனே சிலர் சொல்லும் தீர்வு, "வகுப்பை 15 நிமிடமாகச் சுருக்கிவிடுங்கள்" என்பது. வாய்மொழித் தேர்வு ஒன்றில் நானே இப்படிச் சொல்ல, அந்த மாணவி தயங்கித் தயங்கி, "ஆனால் மேடம், நான் சோதித்தது 45 நிமிடத்தை அல்லவா" என்றார். அவர் சொன்னதுதான் சரி. 15 நிமிட வகுப்பு செய்து பார்க்க எளிது. அதற்குச் சான்று கிடையாது. 45 நிமிட வகுப்புக்குச் சான்று இருக்கிறது; செய்து பார்க்க ஆளில்லை. சாத்தியமும் சான்றும் ஒரே பக்கமாக இழுக்கும் என்று நம்பித்தான் பாடப் புத்தகங்கள் இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுகின்றன. உண்மையில் பல ஆய்வேடுகளில் அவை ஆளுக்கொரு பக்கம் இழுக்கின்றன. இரண்டாவது பரிந்துரை முழுக்கச் சாத்தியத்தின் பக்கம் சாய்ந்துவிட்டது. மூன்றாவது சான்றின் பக்கம் நின்று, பணிப்பட்டியலைப் பார்க்க மறந்துவிட்டது. ஆனாலும் இந்த மறதியை ஒரு வாக்கியம் சேர்த்துச் சரிசெய்யலாம்: "அந்த இரண்டு மணி நேரத்துக்கு ஒரு செவிலியரை வேறு பணியிலிருந்து விடுவிக்க முடியுமானால்." நிபந்தனை போட்டால் பரிந்துரை மெலிந்துவிடுமே என்று மாணவர்கள் பயப்படுகிறார்கள். படித்துவிட்டு முடிவெடுக்க வேண்டிய செவிலியக் கண்காணிப்பாளருக்கு உதவும் ஒரே வரி அதுவாகத்தான் இருக்கும்.

இடையில் ஓர் எச்சரிக்கை. வயது, பாலினம், கல்வி, வருமானம் என்று பத்து அம்சங்களோடு மதிப்பெண்ணுக்குத் தொடர்பு உண்டா என்று பார்க்கும் அட்டவணை ஒன்று இந்த ஆய்வேடுகளில் தவறாமல் இருக்கும். அதில் ஏதாவது ஒன்று, தொடர்பே இல்லாதபோதும் தற்செயலாகத் தேற நூற்றுக்கு ஐந்து வாய்ப்பு உள்ள 0.05 மட்டத்தில் தேறினால், "பள்ளிப் படிப்பு முடிக்காதவர்களுக்குத் தனி வகுப்பு நடத்த வேண்டும்" என்று ஒரு பரிந்துரை முளைக்கும். உண்மையில் எந்தத் தொடர்பும் இல்லாவிட்டாலும், பத்துச் சோதனையில் ஒன்றாவது தற்செயலாகத் தேறுவதற்கு வாய்ப்பு ஏறத்தாழ 40 சதவீதம். அந்த மாதிரிப் பரிந்துரையை மறுவார்த்தை இல்லாமல் அடித்துவிடலாம்.

மூன்று மாணவர்களும் கண்டுகொள்ளாத ஓர் இடம் உண்டு: கேள்வி வாரியான அட்டவணை. மொத்த மதிப்பெண் ஏறியது என்பதோடு எல்லாரும் நிறுத்திக்கொள்கிறார்கள். நம் ஆய்வில் "தினமும் பாதத்தைப் பார்க்க வேண்டும்" என்பதற்குச் சரியாக விடை சொன்னவர்கள் 14-லிருந்து 51 ஆனார்கள் என்றும், "வீட்டுக்குள்ளும் செருப்பு இல்லாமல் நடக்கக் கூடாது" என்பதற்கு 9-லிருந்து 22 மட்டுமே ஆனார்கள் என்றும் வைத்துக்கொள்ளுங்கள். வகுப்பு தோற்ற இடம் இது. தோற்றதற்குக் காரணம் மறதியாக இருக்க வாய்ப்பு குறைவு. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு வருவதுதான் மரியாதை என்று வளர்ந்தவரிடம், பூஜை அறை இருக்கும் வீட்டுக்குள், சர்க்கரை நோயாளிகளுக்கான மெத்தென்ற எம்.சி.ஆர். செருப்போடு நட என்று சொன்னால், அவர் கேட்டுக்கொள்வார், தலையாட்டுவார், ஏழாம் நாள் பழைய விடையையே எழுதுவார்.

ஆகவே மூன்றாவது பரிந்துரையில் நிபந்தனையோடு இன்னொரு வரியையும் சேர்க்கச் சொல்வேன்: வீட்டுக்குள் காலணி அணிவது பற்றிய பகுதி இந்த வகுப்பால் போதிய பலன் தரவில்லை; வீட்டுக்கென்று தனியாக ஒரு ஜோடி வைத்துக்கொள்ளச் சம்மதமா என்று ஒவ்வொருவரிடமும் கேட்டுக் குறித்துக்கொள்ளலாம்; அதன்பிறகே அந்தப் பட அட்டையை மாற்றுவது பற்றி யோசிக்கலாம்.