கூகுள் கணக்கைத் தமிழுக்கு மாற்றிய பிறகு: எது கூடவே வந்தது, எது வரவில்லை

கூகுள் கணக்கின் மொழியைத் தமிழாக வைத்துச் சில வருடங்கள் ஆகின்றன. ஜிமெயில், டிரைவ், டாக்ஸ், கணக்குப் பாதுகாப்புப் பக்கங்கள் என பிரௌசரில் திறப்பவற்றில் பெரும்பாலானவை எனக்குத் தமிழில்தான் வருகின்றன, அது பழகியும் விட்டது. ஆனால் ஒரே இடத்தில் மாற்றினால் எல்லாம் மாறிவிடும் என்று யாராவது சொன்னால் பாதியைத்தான் நம்பலாம். மாறாமல் நிற்பவற்றுக்கு ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் இருக்கிறது. காரணம் தெரிந்தால் சில நிமிட வேலை. தெரியாவிட்டால் அங்கே இங்கே தட்டிப் பார்த்துவிட்டு, வெறுத்துப்போய் ஆங்கிலத்துக்கே திரும்பிவிடுவீர்கள்.

மாற்றும் வழி எளிது. பிரௌசரில் myaccount.google.com/language என்று அடித்தால் நேராக மொழிப் பக்கத்துக்குப் போய்விடும். விருப்ப மொழிக்குப் பக்கத்தில் இருக்கும் பென்சில் படத்தைத் தட்டித் தமிழைத் தேர்ந்தெடுத்துச் சேமித்தால் முடிந்தது. அதற்குக் கீழே 'பிற மொழிகள்' என்று ஒரு பட்டியல் இருக்கும். அதில் ஆங்கிலத்தைச் சேர்த்து வைப்பது நல்லது. அடிக்கடி பயன்படுத்தும் மொழிகளைக் கூகுளே இந்தப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளும் வசதியும் அங்கேயே உண்டு. நான் அதை அணைத்து வைத்திருக்கிறேன். எதைச் சேர்த்தது என்று போய்ப் பார்ப்பதைவிட நானே சேர்ப்பது நிம்மதி. அப்புறம் பிரௌசரை முழுக்க மூடித் திறக்க வேண்டும். திறந்திருக்கும் டேப்கள் பழைய மொழியிலேயே இருக்கும், அதைப் பார்த்து மாறவில்லை என்று முடிவு கட்டிவிட வேண்டாம்.

பலரும் தவறவிடும் ஒரு வரி கூகுளின் உதவிப் பக்கத்திலேயே இருக்கிறது: இந்த அமைப்பு இணையத்தில் திறக்கும் சேவைகளுக்குத்தான், போனில் இருக்கும் ஆப்களுக்கு அல்ல. ஆப் உங்கள் கணக்கைக் கேட்பதில்லை, போனைக் கேட்கிறது. அதனால் கணினியில் ஜிமெயில் தமிழில் இருக்க, அதே கணக்கு போனில் ஆங்கிலத்தில் இருப்பது கோளாறு அல்ல. 2022-இல் வந்த ஆண்ட்ராய்டு 13 முதல் ஒவ்வொரு ஆப்புக்கும் தனியாக மொழி வைக்கலாம். ஐபோனில் 2019-இல் வந்த ஐஓஎஸ் 13-இலிருந்தே இது உண்டு. என் போன் ஆங்கிலத்தில்தான் இருக்கிறது, ஜிமெயிலும் மேப்பும் மட்டும் தமிழில். வங்கி ஆப்பில் ஏதாவது சிக்கல் வந்து வாடிக்கையாளர் சேவைக்குப் போன் செய்தால், எதிர்முனையில் இருப்பவர் ஆங்கிலப் பட்டன் பெயரைத்தான் சொல்லுவார். அந்த நேரத்தில் மொழிபெயர்த்துக்கொண்டு நிற்க முடியாது.

ஆண்ட்ராய்டில் இன்னொன்று. ப்ளே ஸ்டோர் பல ஆப்களை எல்லா மொழிகளோடும் இறக்குவதில்லை; இடத்தை மிச்சப்படுத்த, போனில் வைத்திருக்கும் மொழிகளுக்கான துண்டுகளை மட்டுமே அனுப்பும். புதிதாகத் தமிழைச் சேர்த்தால் அந்தத் துண்டு இறங்கி வர வேண்டும். டேட்டா அணைந்திருந்தால் கொஞ்ச நேரம் ஆங்கிலமே தெரியும். வைஃபையில் விட்டுவிட்டுப் பிறகு பாருங்கள்.

இனி பிரௌசருக்குள்ளேயே கேட்காத ஆட்கள். யூடியூபுக்குத் தனி மொழி அமைப்பு இருக்கிறது. வலது மேல் மூலையில் உங்கள் படத்தைத் தட்டினால் வரும் மெனுவில் இருக்கும். கூகுள் தேடலுக்கு google.com/preferences. ஜிமெயிலுக்கும் அதன் பொது அமைப்புகளில் 'காட்சி மொழி' என்று ஒன்று உண்டு. பக்கத்திலேயே மற்ற கூகுள் தயாரிப்புகளின் மொழியை மாற்றத் தனி இணைப்பும் கொடுத்திருக்கிறார்கள். இரண்டும் வேறு வேறு என்பதற்கு அந்த இணைப்பே சாட்சி.

எது எதை மீறுகிறது என்று தெரிந்துகொள்ள நான் முதலில் பார்ப்பது முகவரிப் பட்டையை. அதில் hl=en என்று எங்காவது ஒட்டிக்கொண்டிருந்தால் விஷயம் முடிந்தது. அந்த hl என்பது பக்கத்தைக் காட்ட வேண்டிய மொழி. முகவரியிலேயே இருந்தால் பொதுவாகக் கணக்கின் விருப்பத்தைவிட அதற்குத்தான் முதல் மரியாதை. பழைய புக்மார்க்கிலோ, வாட்ஸாப்பில் நண்பர் அனுப்பிய இணைப்பிலோ அது சேர்ந்தே வந்துவிடும். en-ஐ ta என்று மாற்றி என்டர் தட்டுங்கள். தமிழில் வந்தால் அந்தச் சேவைக்குத் தமிழ் தெரியும், விருப்பம்தான் போய்ச் சேரவில்லை என்று அர்த்தம். குக்கியையோ அந்தச் சேவையின் சொந்த அமைப்பையோ பார்க்க வேண்டும். அப்போதும் ஆங்கிலமே வந்தால் அந்தச் சேவையில் தமிழே இல்லாமல் இருக்கலாம். கூகுள் கிளவுட் கன்சோல் அப்படித்தான். அதன் மொழிப் பட்டியலில் தமிழ் கிடையாது, எத்தனை முறை சேமித்தாலும் வராது.

ஒரே பிரௌசரில் இரண்டு கணக்கு வைத்திருப்பவர்கள் இதையும் கவனியுங்கள்: முகவரியில் /u/0/ இருந்தால் முதல் கணக்கு, /u/1/ இருந்தால் இரண்டாவது. மொழி கணக்குக்குக் கணக்கு தனி. அலுவலகக் கணக்கு ஆங்கிலமாகவும் சொந்தக் கணக்கு தமிழாகவும் இருந்தால், டேப் மாறும்போதெல்லாம் மொழியும் மாறும். லாக்அவுட் செய்தால் கணக்கின் விருப்பம் தெரிய வழியில்லை. அப்போது பக்கம் குக்கியையும், பிரௌசர் அனுப்பும் மொழிப் பட்டியலையும் பார்த்துத்தான் முடிவு செய்யும். குரோமில் அந்தப் பட்டியல் chrome://settings/languages பக்கத்தில் இருக்கிறது.

இதுவரை சொன்னதெல்லாம் திரையில் தெரியும் எழுத்து பற்றியது, தொல்லை சின்னது. மொழியை ஆவணமே தனக்குள் வைத்திருக்கும் இடத்தில்தான் உண்மையான வேலை இருக்கிறது. கூகுள் ஷீட்ஸ் இதற்கு நல்ல உதாரணம்.

ஒவ்வொரு தாளுக்கும் `Locale` என்று ஓர் அமைப்பு உண்டு. கோப்பு மெனுவில் அமைப்புகளுக்குள் இருக்கும். தேதி, காசு, எண் ஆகியவற்றை எப்படிப் படிப்பது என்பதை அதுதான் தீர்மானிக்கிறது. அந்த அமைப்பு தாளோடு தங்கிவிடும். பிறகு கணக்கைத் தமிழாக்கினாலும் பழைய தாள் பழையபடியே இருக்கும்.

என் அக்காவின் தையல் கடைக் கணக்கு இப்படித்தான் அமெரிக்க அமைப்பில் இருந்தது. அமெரிக்க முறையில் மாதம் முதலில், நாள் பிறகு. அக்கா 13/04/2024 என்று அடித்தால் பதின்மூன்றாவது மாதம் என்று ஒன்று இல்லை, அதனால் ஷீட்ஸ் அதைத் தேதியாகவே எடுத்துக்கொள்ளவில்லை. வெறும் எழுத்தாக, கட்டத்தின் இடது ஓரத்தில் ஒட்டி நின்றது. இது தேவலை, கண்ணில் படும். ஆனால் ஏப்ரல் 5-ஐ நினைத்து அடித்த 05/04/2024 மே 4 ஆகப் பதிவாகி, ஒழுங்கான தேதி போல வலது ஓரத்தில் நின்றது. மாதவாரியாகக் கூட்டினால் ஏப்ரல் வரவு மே மாதத்தில் போய் உட்கார்ந்திருக்கும்.

`Locale`-ஐ இந்தியாவுக்கு மாற்றினால் சரியாகிவிடும் என்று தோன்றும். ஆகாது. உள்ளே மே 4 என்று பதிந்துவிட்டதால், மாற்றிய பிறகு அது 04/05/2024 என்று இந்திய முறையில் மே 4 ஆகவே தெரியும். எழுத்தாக நின்ற 13/04/2024-உம் தானாகத் தேதியாகாது. திரும்ப அடிக்க வேண்டும். நாங்கள் செய்தது இதுதான்: தாளை ஒரு நகல் எடுத்து வைத்தோம், அமைப்பை மாற்றினோம், இடது ஓரத்தில் நிற்பவற்றை மறுபடி அடித்தோம், நாளும் மாதமும் இரண்டுமே 12-க்குள் இருக்கும் வரிகளைப் பில் புத்தகத்தோடு ஒப்பிட்டுத் திருத்தினோம். நாளும் மாதமும் ஒரே எண்ணாக இருக்கும் 04/04 மாதிரியானவற்றைத் தொட வேண்டியதில்லை. பழைய தாள் வைத்திருப்பவர்கள் மொழியை மாற்றும் கையோடு இந்த `Locale`-ஐ ஒரு தடவை திறந்து பார்த்துவிடுங்கள்.

காலண்டரிலும் இதே குணம் உண்டு. பண்டிகை நாட்கள் வருவது தனி காலண்டராக. அதன் அமைப்பைத் திறந்தால் அடையாளம் en.indian என்று தொடங்குவதைப் பார்க்கலாம். மொழி பெயரிலேயே இருக்கிறது. கணக்கின் மொழியை மாற்றிய பிறகும் பண்டிகைப் பெயர்கள் ஆங்கிலத்திலேயே இருந்தால், அந்தக் காலண்டரை நீக்கிவிட்டு மறுபடி சேர்த்துப் பாருங்கள்.

கடைசியாக, மொழி மாறக் கூடாத இடத்தில் மாறிப்போகும் ஒரு சங்கதி. தண்டர்பேர்ட் மாதிரி ஐமேப் வழியாக மின்னஞ்சல் எடுப்பவர்களுக்கும், பேக்கப் ஸ்கிரிப்ட் வைத்திருப்பவர்களுக்கும் மட்டும் இது. ஜிமெயிலின் காட்சி மொழியை மாற்றினால், அனுப்பியவை, வரைவுகள் போன்ற அதன் சொந்தக் கோப்புறைகளின் பெயர்களும் ஐமேப்பில் அந்த மொழிக்கு மாறும். இன்பாக்ஸும் நீங்களே வைத்த லேபிள்களும் மாறாது. ஸ்கிரிப்டில் இப்படி ஆங்கிலப் பெயரை நேரடியாக எழுதி வைத்திருந்தால், அன்றிலிருந்து அது எதையும் எடுக்காது:

```
imap.select('"[Gmail]/Sent Mail"')
```

பழைய ஐமேப் பெயர்களில் ஆங்கில எழுத்துகளைத் தவிர மற்றவை நேரடியாகப் போகாது, வேறு குறியீட்டில் போகும். தமிழ் எழுத்து என்றால் &C என்று தொடங்கும் ஒரு புரியாத கோர்வையாகத் தெரியும். லாகில் அதைப் பார்த்தால் கோப்புறை கெட்டுவிட்டது என்று பயப்பட வேண்டாம், அது தமிழ்தான். பெயரை நம்பாமல் குறியை நம்புவதே தீர்வு. கோப்புறைப் பட்டியலைக் கேட்டால் ஜிமெயில் ஒவ்வொன்றின் வேலையையும் சேர்த்தே சொல்லும். அதில் `\Sent` என்ற குறி எந்தப் பெயரோடு வருகிறதோ அதுதான் அனுப்பியவை, எந்த மொழியில் இருந்தாலும் சரி. அப்படி எழுதிய பிறகு எனக்கு மொழியை மாற்றினாலும் பேக்கப் நின்றதில்லை.

கூகுள் கணக்கை வைத்து உள்ளே நுழையும் வெளித் தளங்களைப் பற்றியும் கேட்பார்கள். கூகுள் அங்கே உங்கள் மொழியை மாற்றித் தராது. இப்படி நுழைவதற்கான ஓப்பன்ஐடி கனெக்ட் விதிமுறையில் மொழியைச் சொல்ல `locale` என்று ஒரு புலம் உண்டு, ஆனால் அதை அனுப்புவதும் கட்டாயமில்லை, வாங்கிப் படிப்பதும் கட்டாயமில்லை. படித்தாலும் பல தளங்கள் முதல் தடவை கணக்கு திறக்கும்போது ஒரு முறை எழுதி வைத்துக்கொண்டு, பிறகு திரும்பிப் பார்ப்பதில்லை. நான் அடிக்கடி வாங்கும் ஒரு கடைத் தளத்தின் மெயில்கள் இன்னும் ஆங்கிலத்தில்தான் வருகின்றன. அதன் அமைப்புகளில் மொழி என்ற ஒன்றே இல்லை, அதனால் அதை அப்படியே விட்டுவிட்டேன்.