பழைய வினாத்தாள் கிராஃப்களில் டைக்ஸ்ட்ராவையும் பிரிமையும் கையால் போட்டுப் பார்த்த மூன்று வருஷம்

டிஸ்க்ரீட் மேத்ஸ் பழைய வினாத்தாள்களில் வரும் கிராஃப் கணக்குகளைக் கட்டம் போட்ட நோட்டில் பென்சிலால் போட ஆரம்பித்து மூன்று வருஷம் ஆகிறது. முதலில் தேர்வுக்காக, அப்புறம் ஜூனியர்களுக்குச் சொல்லிக்கொடுக்க, இப்போது கொஞ்சம் பழக்கதோஷம். கம்ப்யூட்டரில் ஓடவிட்டால் ஒரு நொடியில் விடை வரும் சமாசாரத்துக்கு ஏன் கையால் மல்லுக்கட்ட வேண்டும் என்று கேட்டால், எனக்கு ஒரே ஒரு பதில்தான். குறுகிய வழி கண்டுபிடிக்கும் டைக்ஸ்ட்ராவும், எல்லா முனைகளையும் குறைந்த செலவில் இணைக்கும் விரிவு மரத்தைக் கட்டும் பிரிமும் எங்கே பிரிகின்றன என்று புரோகிராமை ஓடவிட்டபோது எனக்குத் தெரியவில்லை, நோட்டில் ஒரே ஒரு கட்டத்தில் தப்பாக எழுதியபோதுதான் தெரிந்தது.

கணக்குக்குள் போவதற்கு முன் படத்தைப் பற்றி ஒரு புலம்பல். பழைய வினாத்தாள் என்றாலே நகலின் நகலின் நகல். எண் எந்தக் கோட்டுக்குச் சொந்தம் என்று தெரியாது, 6-க்கும் 9-க்கும் வித்தியாசம் தெரியாது, இரண்டு கோடுகள் குறுக்கே வெட்டிக்கொள்ளும் இடத்தில் முனை இருக்கிறதா இல்லையா என்பதே சந்தேகமாக இருக்கும். முதல் ஆறு மாதம் நான் படத்தைப் பார்த்தே கணக்குப் போட்டேன், பாதி நாள் விடை தப்பியதற்குக் காரணம் அல்காரிதம் இல்லை, கண்தான். கோடு நீளமாக வரைந்திருந்தால் அதற்குரிய எண்ணான எடையும் பெரிது என்று கண் தானாகவே முடிவு கட்டிவிடும். இப்போது முதல் வேலை விளிம்புகளை, அதாவது அந்தக் கோடுகளை, ஒரு பட்டியலாக எழுதிவிட்டுப் படத்தை மூடிவிடுவது. பட்டியல் சரியா என்று பார்க்க, படத்தில் ஒவ்வொரு முனையிலும் எத்தனை கோடு சேருகிறது என்று தனியாக எண்ணிக் கூட்டுவேன். அந்தக் கூட்டுத்தொகை பட்டியலில் உள்ள விளிம்புகளின் எண்ணிக்கையைப் போல இரண்டு மடங்கு வர வேண்டும். வராவிட்டால் ஏதோ ஒரு கோடு விட்டுப்போயிருக்கிறது.

சரி, கணக்கு. வினாத்தாள்களில் அடிக்கடி வரும் பாணியில் நானே ஒன்று கட்டி வைத்திருக்கிறேன், சொல்லிக்கொடுக்கும்போது எப்போதும் இதையேதான் எடுப்பேன். ஆறு முனைகள்: S, A, B, C, D, T. ஒன்பது விளிம்புகள், திசை கிடையாது: SA 5, SB 3, AB 3, AC 4, BC 9, BD 7, CD 2, CT 8, DT 6. முனைவாரியாக எண்ணினால் 2, 3, 4, 4, 3, 2, மொத்தம் 18, ஒன்பதின் இரு மடங்கு. பட்டியல் சரி.

S-இலிருந்து T-க்குக் குறுகிய வழி கேட்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். நான் போடும் அட்டவணை இப்படி இருக்கும். இடப்பக்கம் அந்தப் படியில் உறுதியான முனை, மற்ற கட்டங்களில் இதுவரை தெரிந்த தூரமும், எந்த முனை வழியாக வந்தோம் என்பதும்.

```
உறுதி   A     B     C      D      T
S       5,S   3,S   -      -      -
B       5,S         12,B   10,B   -
A                   9,A    10,B   -
C                          10,B   17,C
D                                 16,D
```

இருப்பதிலேயே சின்ன எண்ணை உறுதி செய்கிறோம், அதன் பக்கத்து முனைகளுக்கு அது வழியாகப் போனால் குறையுமா என்று பார்க்கிறோம், அவ்வளவுதான். கடைசியாக உறுதியாகும் T-யிலிருந்து பின்னால் போனால் D, B, S. வழி S-B-D-T, தூரம் 16.

இதில் இரண்டாவது வரியைப் பாருங்கள். B உறுதியானதும் A-க்கு B வழியாகப் போனால் 3 + 3 = 6, ஏற்கெனவே 5 இருக்கிறது, எனவே மாற்றமில்லை. நான் முதல் வருஷத்தில் எத்தனையோ தடவை இந்த இடத்தில் 3 என்று எழுதியிருக்கிறேன். AB-யின் எடை 3 என்று கண் பார்க்கிறது, கை 3 என்று எழுதிவிடுகிறது, அவ்வளவுதான் நடந்தது. ஆனால் அப்படி எழுதிய நிமிஷத்தில் நான் டைக்ஸ்ட்ராவை விட்டுவிட்டுப் பிரிமுக்குள் போய்விட்டேன்! ஏனென்றால் பிரிமில் அதே கட்டத்தில் 3 தான் சரி. அங்கே கேள்வி "S-இலிருந்து A எவ்வளவு தூரம்" என்பது இல்லை, "இதுவரை கட்டிய மரத்தோடு A-யை ஒட்ட ஆகும் குறைந்தபட்ச செலவு என்ன" என்பது. ஒன்றில் கூட்ட வேண்டும், இன்னொன்றில் கூட்டக் கூடாது. அட்டவணை ஒன்றே, நடைமுறை ஒன்றே, ஒரு கூட்டல் குறி மட்டும்தான் வித்தியாசம்.

குழம்புவதில் ஆச்சரியமும் இல்லை. டைக்ஸ்ட்ரா 1959-இல் வெளியிட்ட மூன்று பக்கக் குறிப்பிலேயே இரண்டு கணக்குமே இருக்கின்றன, ஒன்று விரிவு மரம், இன்னொன்று குறுகிய வழி. அந்த மர முறையை 1957-இல் பிரிமும், அவருக்கும் முன்பே 1930-இல் யார்னிக்கும் சொல்லிவிட்டார்கள் என்பது தனிக் கதை.

தப்பாக 3 எழுதினால் என்ன ஆகும்? A 3 என்றால் C 7, D 9, T 15. விடை 15, பார்க்க ரொம்ப யோக்கியமான எண். 16-ஐ விடக் குறைவு என்பதால் "நான் இன்னும் குறுகிய வழி கண்டுபிடித்துவிட்டேன்" என்று சந்தோஷம் வேறு. ஒரு வினாத்தாளில் இப்படி ஒரு விடையை அரை மணி நேரம் சரி என்றே நம்பிக்கொண்டிருந்தேன். அன்றிலிருந்து வழியை எழுதி எடைகளைத் திரும்பக் கூட்டாமல் விடுவதில்லை: S-B-A-C-T, 3 + 3 + 4 + 8 = 18. அட்டவணை 15 என்கிறது, வழி 18 என்கிறது, ஏதோ ஒன்று பொய்.

இன்னொரு தப்பு அவசரத்தில் வருவது. நான்காவது வரியில் T-க்கு 17 என்று ஒரு எண் வந்துவிட்டது, கேட்டதும் T தான், எனவே முடிந்தது என்று கோடு போட்டுவிடுவது. T-க்கு எண் வருவது முடிவு இல்லை, T உறுதியாவதுதான் முடிவு. அந்த வரியில் D 10 இன்னும் பாக்கி இருக்கிறது, 17-ஐ விடச் சின்னது, அதன் வழியாக என்ன வரும் என்று பார்க்காமல் நிறுத்த முடியாது. பார்த்தால் 16 வருகிறது.

இந்த மாதிரித் தப்புகளைப் பிடிக்க இப்போது கடைசியில் ஒரு நிமிஷம் செலவழிக்கிறேன். ஒவ்வொரு விளிம்புக்கும் இரண்டு முனைகளின் தூர வித்தியாசம் அந்த விளிம்பின் எடையைத் தாண்டக் கூடாது. T-யை 17 என்று விட்டிருந்தால் DT-யில் 17 - 10 = 7, எடையோ 6, உடனே மாட்டிக்கொள்ளும். ஆனால் A-யை 3 என்று எழுதிய தப்பு இதில் தப்பித்துவிடும், ஏனென்றால் இந்தச் சோதனை பெரிதாக எழுதியதைத்தான் பிடிக்கும், சின்னதாக எழுதியதைப் பிடிக்காது. அதற்கு இரண்டாவது பாதி: S தவிர ஒவ்வொரு முனைக்கும், வித்தியாசமும் எடையும் அச்சாக ஒத்துப்போகும் ஒரு விளிம்பாவது தன்னைவிடச் சிறிய தூரமுள்ள முனையிலிருந்து வர வேண்டும். A 3 என்றால் SA-யில் வித்தியாசம் 3, எடை 5. AB-யில் வித்தியாசம் பூஜ்யம். ஒன்றுமே ஒக்கவில்லை, அப்போ அந்த 3 எங்கிருந்து வந்தது? எடைகள் எல்லாம் நேர்ம எண்களாக இருந்து, இரண்டு பாதியும் தேறினால் விடை சரி, திரும்பப் போட வேண்டியதில்லை.

விரிவு மரத்துக்கு நான் பிரிமைவிட 1956-இல் கிரஸ்கல் சொன்ன முறையைத்தான் விரும்புகிறேன், கையால் போடும்போது மட்டும். எடை வரிசையில் எடுத்துக்கொண்டே போக வேண்டியதுதான்: CD 2, SB 3, AB 3, AC 4. அடுத்தது SA 5, இதைச் சேர்த்தால் S-A-B சுற்றாகிவிடும், தள்ளு. அடுத்தது DT 6, எடு. ஆறு முனைக்கு ஐந்து விளிம்பு ஆகிவிட்டது, மொத்தம் 18. சுற்று வருகிறதா என்று படத்தைப் பார்த்துச் சொல்வது ஏழெட்டு முனை வரை சரிப்படும், அதற்கு மேல் கண் ஏமாற்றும். நான் ஒவ்வொரு முனைக்குக் கீழேயும் குழு எண் எழுதி, இரண்டு குழு சேரும்போது ஒன்றை அடித்துவிட்டு மற்றதை எழுதுவேன். விளிம்பின் இரு முனையும் ஒரே குழு என்றால் தள்ளு. அழிரப்பர் மட்டும் பயன்படுத்தாதீர்கள், அடித்துத் திருத்தியது தெரிந்தால்தான் எந்தப் படியில் தப்பியது என்று திரும்பிப் பார்க்க முடியும். இதை எனக்கு யாரும் சொல்லவில்லை, அழித்து அழித்து நோட்டுத் தாளே கிழிந்த பிறகு புரிந்தது.

இப்போது இரண்டு விடையையும் பக்கத்தில் வைத்தால், மரத்தின் வழியாக S-இலிருந்து T-க்குப் போனால் S-B-A-C-D-T, 18. குறுகிய வழி 16. மறுபக்கம், டைக்ஸ்ட்ரா தந்த மரத்தின் விளிம்புகள் SB, SA, AC, BD, DT, அவற்றைக் கூட்டினால் 25. ஒன்றின் விடையை இன்னொன்றுக்கு எழுதினால் எவ்வளவு நஷ்டம் என்பது இரண்டு பக்கமும் தெரிகிறது. "விரிவு மரம் கண்டுபிடி, அதிலிருந்து குறுகிய வழியை எழுது" என்று விடை எழுதும் ஜூனியர்களிடம் நான் வாக்குவாதம் செய்வதில்லை, இந்த 18-ஐயும் 16-ஐயும் காட்டிவிடுவேன்.

குறை என்று சொன்னால், பத்து முனைக்கு மேல் போனால் இது வெறும் குமாஸ்தா வேலை, புதிதாக ஒன்றும் புரியாது. அப்புறம், திசை இல்லாத கிராஃபில் மைனஸ் எடை வந்தால் டைக்ஸ்ட்ராவை மூடி வைத்துவிடுங்கள், அந்த ஒரு கோட்டிலேயே போய்ப்போய் வந்து தூரத்தை இஷ்டத்துக்குக் குறைத்துக்கொண்டே போகலாம். விரிவு மரத்துக்கு அந்தத் தொல்லை இல்லை, வரிசை மட்டும்தான் அதற்கு முக்கியம்.

அது நிஜமா என்று பார்க்க ஒருநாள் மேலே உள்ள எல்லா எடையிலும் 2 குறைத்துப் போட்டேன். CD பூஜ்யம் ஆகிறது, மற்றதெல்லாம் நேர்மம். கிரஸ்கல் அதே ஐந்து விளிம்பைத்தான் எடுத்தது, வரிசை மாறவில்லையே. ஆனால் S-B-D-T இப்போது 10, மூன்று விளிம்பு மட்டும் இருப்பதால் அதற்கு 6 தான் குறைந்தது. ஐந்து விளிம்பு உள்ள S-B-A-C-D-T-க்கு 10 குறைந்து 8 ஆகிவிட்டது, குறுகிய வழியே அதற்குத் தாவிவிட்டது. அந்தப் பக்கத்தில் மட்டும் மரமும் வழியும் ஒரே விடை, இரண்டுமே 8. அந்தப் பக்கத்தைப் பார்த்து ஒரு ஜூனியர் "அப்போ ரெண்டும் ஒண்ணுதானே" என்று கேட்டுவிட்டான், முந்தின பக்கத்தைத் திருப்பிக் காட்ட வேண்டியதாயிற்று.