மீடியா கிட் எடிட் பண்ணக் கொடுத்து 6,000 போச்சு: சின்ன கிரியேட்டர்கள் கவனம்

இன்னும் கோபம் அடங்கவில்லை. ஃப்ரீலான்சர்களைப் பிடித்துத் தரும் ஒரு தளத்தில், பிராண்டுகளுக்கு நம் கணக்கின் எண்களைக் காட்டும் மீடியா கிட்டை எடிட் செய்கிறவர் ஒருவரிடம் 6,000 கொடுத்தேன். கிட்டைச் சரிசெய்து, ஏற்கெனவே என்னுடன் பேசிக்கொண்டிருந்த பிராண்டுக்கு அவரே அனுப்புவதாக ஏற்பாடு.

போனில் பேசியபோது அவர் சொன்னதை நம்பித்தான் பணம் கட்டினேன். "நம்பர்ல கை வைக்கவே மாட்டேன். இன்சைட்ஸ் ஸ்கிரீன்ஷாட் அனுப்புங்க, ஒவ்வொண்ணா ஒப்பிட்டுத்தான் போடுவேன்" என்றார். எனக்கு வேண்டியதும் அதுதான். என் கணக்கு சின்னது, 8,400 ஃபாலோயர்கள். உள்ளதை ஒழுங்காகக் காட்டினால் போதும்.

பிராண்டுக்குப் போன கிட்டில் 'மாத ரீச் 46,000' என்று இருந்தது. 46,000 என்பது 30 நாள் வியூஸ். ஒரே ஆள் 4 தடவை பார்த்தால் அது 4 வியூ, ஆனால் ரீச்சில் அவர் ஒருவர்தான். என் ரீச் 11,200. அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டில் இரண்டும் அடுத்தடுத்து இருக்கின்றன, மாற்றிப் பார்க்க வழியே இல்லை.

எங்கேஜ்மென்ட் 15 சதவீதம் என்றும் போட்டிருந்தார். நன்றாக ஓடிய ஒரே ஒரு ரீலின் 1,260 லைக், கமென்ட், சேவ், ஷேரை ஃபாலோயர் எண்ணிக்கையால் வகுத்திருக்கிறார். கடைசி 12 பதிவுகளின் சராசரி 336, அதாவது 4 சதவீதம். இந்த அளவு கணக்குக்கு அது கௌரவமான எண்தான், அதையே போட்டிருக்கலாம்! இதையெல்லாம்விட மோசம், இலவசமாகப் பொருள் அனுப்பிய ஒரு நிறுவனத்தின் லோகோவை 'பெய்டு பார்ட்னர்' வரிசையில் வைத்தது.

பிராண்ட் தரப்பில் இன்சைட்ஸ் பக்கத்தின் ஸ்கிரீன் ரெக்கார்டிங் கேட்டார்கள். அனுப்பினேன். "எண்கள் பொருந்தவில்லை, இத்துடன் நிறுத்திக்கொள்கிறோம்" என்று ஒரே வரியில் பதில் வந்தது. பொய் சொன்னவள் என்ற பெயர் எனக்கு.

அவரிடம் கேட்டால், "எல்லாரும் இப்படித்தான் மேடம் போடுவாங்க". திருத்தித் தரச் சொன்னால், "ரிவிஷனுக்குத் தனி சார்ஜ்". அப்புறம் மெசேஜைப் பார்ப்பதோடு சரி. தளத்தின் உதவிப் பிரிவோ, ஃபைல் டெலிவரி ஆகிவிட்டதால் 6,000 திரும்ப வராது என்று சொன்ன பதிலையே திரும்பத் திரும்ப ஒட்டுகிறது. ஸ்கிரீன்ஷாட்டையும் கிட்டையும் அருகருகே வைத்து அனுப்பியும் யாரும் திறந்துகூடப் பார்க்கவில்லை. வேலையைக் கெடுத்ததற்கு 6,000!

விரிவாக எழுத நினைத்தேன், இப்போது முடியவில்லை. இதை மட்டும் பாருங்கள். ஒவ்வொரு எண்ணுக்குப் பக்கத்திலும் எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை என்று இருக்க வேண்டும். எங்கேஜ்மென்ட் என்றால் எத்தனை பதிவுகளின் சராசரி, எதால் வகுத்தது என்பதும் இருக்க வேண்டும். இலவசப் பொருளுக்குச் செய்ததை 'கிஃப்டட்' என்றே போடச் சொல்லுங்கள். எடிட் செய்கிறவர் பிராண்டுக்கு நேரடியாக அனுப்பும் பேக்கேஜை எடுக்கவே எடுக்காதீர்கள். "ரீச்சை நல்லா காட்டித் தர்றேன்" என்று யாராவது ஆரம்பித்தால் அங்கேயே போனை வைத்துவிடுங்கள்.