புதுப்பிக்க வேண்டாம் என்று சொன்ன பிறகும் கார்டில் 90,000 வெட்டிய ஜிம்

கொழும்பில் ஜிம்மில் சேர்ந்திருப்பவர்கள், அதுவும் வருடக் கட்டணத்தை கிரெடிட் கார்டில் கட்டியவர்கள், இதைக் கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள். 2025 ஜூன் முதலாம் திகதி, ஞாயிற்றுக்கிழமை காலை, என் கார்டிலிருந்து 90,000 ரூபாய் போனதாக பாங்கிலிருந்து எஸ்எம்எஸ் வந்தது. அது தம்பியின் ஜிம் மெம்பர்ஷிப். அவன் வேலை மாற்றலாகி திருகோணமலைக்குப் போய்விட்டான், மெம்பர்ஷிப்பைத் தொடரப் போவதில்லை என்று ஏப்ரலிலேயே ஜிம்முக்கு அறிவித்தும் விட்டான். ஆனாலும் வெட்டிவிட்டார்கள்.

ஜிம்மின் பெயரைப் போடமாட்டேன், கொமெண்டில் கேட்காதீர்கள். வெள்ளவத்தைப் பக்கம், காலி வீதியில், ஏசி நல்லாகப் போட்ட இடம் என்பதோடு விடுகிறேன். இதே வேலையைச் செய்கிற வேறு ஜிம்களும் இருக்கின்றன என்று இப்போது ஆட்கள் சொல்கிறார்கள், அதனால் பெயரை விட நடந்த விதம்தான் முக்கியம்.

தம்பி 2024 ஜூன் 1இல் சேர்ந்தான். என் கார்டைத்தான் கொடுத்தோம், அவனுக்கு அப்போது கார்ட் இல்லை. சேரும்போது கையெழுத்து வைத்த படிவத்தின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் நிபந்தனைகள் இருந்தன, அதன் ஃபோட்டோ அவனுடைய ஃபோனில் இருந்தது. (அன்றைக்கு ஏன் எடுத்தான் என்று அவனுக்கே ஞாபகமில்லை. நல்ல காலம்.) ஏப்ரல் 9ஆம் திகதி, புத்தாண்டு லீவுக்கு முதல், ஜிம்மின் வட்ஸ்அப் இலக்கத்துக்கு "மே 31உடன் மெம்பர்ஷிப் முடிகிறது, நான் புதுப்பிக்கவில்லை, கார்டில் காசு எடுக்க வேண்டாம்" என்று மெம்பர் இலக்கத்தையும் போட்டு அனுப்பினான். பதில் "ஓகே, நோட்டட்". அதோடு அவன் திருகோணமலைக்குப் போய்விட்டான்.

திங்கட்கிழமை நான் போன் எடுத்தேன். கவுண்டரில் இருந்த பொடியன் நல்ல பிள்ளை, ஆனால் அவனுக்குச் சொல்லிக்கொடுத்ததைத்தான் சொல்கிறான். "இல்லை மிஸ், வட்ஸ்அப்பில் சொன்னால் செல்லாது, மெம்பரே நேரில் வந்து கென்சலேஷன் ஃபோர்ம் நிரப்ப வேண்டும், அதுவும் ஒரு மாதத்துக்கு முன்னால்." திருகோணமலையில் இருப்பவன் ஒரு ஃபோர்ம் நிரப்ப லீவு போட்டு கொழும்புக்கு வர வேண்டுமாம். சரி, அப்படி எங்கே எழுதியிருக்கிறது, எத்தனையாவது பிரிவு என்று கேட்டேன். மனேஜரோடு கதையுங்கள் என்று வைத்துவிட்டான்.

மனேஜரோடு கதைப்பதற்கு முன்னால் அந்த ஃபோட்டோவைப் பெரிதாக்கி வைத்து வரிவரியாக வாசித்தேன். பிரிவு 9.2: மெம்பர்ஷிப் காலம் முடியும்போது தானாகவே இன்னொரு வருடத்துக்குப் புதுப்பிக்கப்படும். பிரிவு 9.3: புதுப்பிக்க விரும்பாத மெம்பர், காலம் முடிவதற்குக் குறைந்தது 30 நாளுக்கு முன் எழுத்து மூலம் அறிவிக்க வேண்டும். பிரிவு 9.5: காலத்தின் இடையில் விலகும் மெம்பரிடம் வருடக் கட்டணத்தில் 15 வீதம் நிர்வாகக் கட்டணம் அறவிடப்படும். இவ்வளவுதான். நேரில் வர வேண்டும் என்று எங்கேயும் இல்லை, ஃபோர்ம் பற்றி ஒரு சொல்லும் இல்லை. படிவத்தின் முன்பக்கத்தில், ஜிம்மோடு தொடர்புகொள்ளும் இலக்கங்கள் என்று போட்ட இடத்தில், தம்பி மெசேஜ் அனுப்பிய அதே வட்ஸ்அப் இலக்கம் இருக்கிறது.

மே 31இலிருந்து 30 நாள் பின்னால் எண்ணினால் மே 1. அது தொழிலாளர் தின விடுமுறை, அதனால் ஏப்ரல் 30க்குள் போய்ச் சேர்ந்திருந்தால் ஒருவரும் வாய் திறக்க முடியாது. எங்களுடையது ஏப்ரல் 9. "எழுத்து மூலம்" என்றால் பேப்பரில்தான் இருக்க வேண்டும் என்று அவர்கள் வாதாடவும் இங்கே வழியில்லை. 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல்கள் சட்டம் இருக்கிறது. ஒரு அறிவித்தல் இலத்திரனியல் வடிவத்தில் இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக அதைச் செல்லாது என்று தள்ள முடியாது, பிறகு எடுத்துப் பார்க்கக்கூடியதாக இருந்தால் எழுத்தில் இருக்க வேண்டும் என்ற தேவையும் நிறைவேறிவிடும்.

மனேஜர் மிகவும் மரியாதையாகக் கதைத்தார். முதலில் வெப்சைட்டில் நிபந்தனைகளைப் பாருங்கள், அங்கே ஃபோர்ம் பற்றி இருக்கிறது என்றார். பார்த்தேன், உண்மைதான், இருக்கிறது. ஆனால் அது பிறகு மாற்றி எழுதியது, தம்பி கையெழுத்து வைத்த பேப்பரில் அது இல்லை, மாற்றியதாக அவனுக்கு ஒரு மெசேஜும் வரவில்லை. அதைச் சொன்னதும் கதை திரும்பியது. "மிஸ், நாங்கள் உதவி செய்கிறோம், மூன்று மாதத்துக்கு ஃப்ரீஸ் பண்ணித் தருகிறோம், காசு வீணாகாது." இது வேண்டாம் என்றதும், "அப்படியென்றால் 15 வீதம் கழித்துக்கொண்டு மிச்சத்தைத் தருகிறோம்."

இந்த இடத்தில்தான் நிறையப் பேர் ஆறுதலாகி ஓம் என்று சொல்லிவிடுவார்கள், 76,500 கைக்கு வந்தால் போதும் என்று. ஆனால் இந்த இரண்டில் எதற்கு ஓம் சொன்னாலும், மெம்பர்ஷிப் ஜூன் 1இல் சரியாகப் புதுப்பிக்கப்பட்டது என்று நாங்களே ஒத்துக்கொண்டதாகிவிடும். ஃப்ரீஸ் என்றால் முடியும் திகதி மூன்று மாதம் தள்ளிப்போகும், மெம்பர்ஷிப் அப்படியே இருக்கும், அடுத்த முறையும் தானாகவே புதுப்பிக்கும். 15 வீதம் 9.5இல் இருப்பது, அது இடையில் விலகுகிறவருக்கு. தம்பி இடையில் விலகவே இல்லை, ஒரு வருடத்தை முழுதாக முடித்துவிட்டு அடுத்த வருடம் வேண்டாம் என்று சொன்னவன், அவனுக்குரியது 9.3. அதில் கட்டணம் எதுவும் இல்லை. இந்த இரண்டையும் ஒன்றாகக் கலந்து கதைப்பதுதான் இவர்களுடைய முழு வித்தையும். போனில் கதைத்துக்கொண்டிருந்தால் கலந்துகொண்டே இருப்பார்கள்.

அதனால் போனை விட்டுவிட்டு இமெயில் போட்டோம், அதன் அச்சுப் பிரதியில் தம்பி கையெழுத்து வைத்துப் பதிவுத் தபாலிலும் அனுப்பினான். ஒப்பந்தம் அவனுடைய பெயரில், அதனால் படிவத்தில் கொடுத்த அவனுடைய இமெயிலிலிருந்தேதான் போக வேண்டும், கார்ட் என்னுடையது என்று நான் எழுதினால் "நீங்கள் மெம்பர் இல்லையே" என்று அதிலும் ஒரு கிழமை இழுப்பார்கள். ஆங்கிலத்தில்தான் எழுதினோம், விஷயம் இதுதான்:

"மெம்பர்ஷிப் இலக்கம் இன்னது. 2024 ஜூன் 1 அன்று நான் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தின் பிரிவு 9.3இன்படி, புதுப்பிக்கப் போவதில்லை என்பதை 2025 ஏப்ரல் 9 அன்று உங்கள் வட்ஸ்அப் இலக்கத்துக்கு எழுத்து மூலம் அறிவித்தேன், நீங்கள் அன்றே பதில் தந்தீர்கள். பிரதிகள் இணைக்கப்பட்டுள்ளன. ஆகவே மெம்பர்ஷிப் 2025 மே 31 அன்று முடிவடைந்துவிட்டது. ஜூன் 1 அன்று எடுத்த 90,000 ரூபாயை முழுமையாகத் திருப்பித் தரவும். மெம்பர்ஷிப் முடிந்த திகதி மே 31 என்பதையும், இனி இந்தக் கார்டில் எந்தத் தொகையும் எடுக்கப்படாது என்பதையும், எனக்கு நிலுவை எதுவும் இல்லை என்பதையும் ஏழு நாளுக்குள் எழுத்தில் உறுதிப்படுத்தவும்."

கவனித்தீர்களா, தயவுசெய்து ரத்துச் செய்து தாருங்கள் என்று இதில் எங்கேயும் கேட்கவில்லை. 9.3 கேட்பது அறிவித்தலை மட்டும்தான், அவர்களுடைய சம்மதத்தை இல்லை. சம்மதம் கேட்டு எழுதினால் பரிசீலிக்கிறோம் என்று உட்கார்ந்துவிடுவார்கள்.

முதல் பதில் உடனே வந்தது, "உங்கள் மின்னஞ்சல் கிடைத்தது, கவனித்துக்கொண்டிருக்கிறோம்." இது தானாகப் போகிற பதில், இதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது, உறுதிப்படுத்தல் என்று நினைத்து அமைதியாகிவிடாதீர்கள். அதற்குப் பிறகு வந்ததுதான் அசல் விளையாட்டு. அழகான லெட்டர்ஹெட்டில், "உங்கள் மெம்பர்ஷிப் ஜூன் 30 முதல் ரத்துச் செய்யப்பட்டுள்ளது" என்று. தம்பி சந்தோஷமாக எனக்கு அனுப்பினான், "அக்கா, முடிஞ்சுது" என்று. எங்கே முடிந்தது? ஜூன் 30 என்றால் ஜூன் மாதம் அவன் மெம்பர். அதற்கு 7,500 கழியும், மெம்பர்ஷிப் ஜூன் 1இல் புதுப்பிக்கப்பட்டதாகிவிடும், அப்போது இடையில் விலகியவன் என்று 9.5இன் கீழ் 13,500உம் கேட்கலாம். ஒரு திகதியை மாற்றிப் போட்டு 21,000 ரூபாய். இது தெரியாமல் நடந்ததா தெரிந்து நடந்ததா என்று எனக்குச் சொல்லத் தெரியாது, ஆனால் இப்படிப்பட்ட பிழை ஒருநாளும் எங்கள் பக்கமாக நடக்காது. திகதி பிழை, மே 31 என்று திருத்தி மறுபடி அனுப்பவும் என்று அதே இமெயிலின் கீழேயே பதில் போட்டோம். கார்ட் பற்றியும் நிலுவை பற்றியும் கேட்ட இரண்டும் அதில் இல்லை, அதையும் சொன்னோம்.

இதற்கிடையில் நான் பாங்கிலும் எழுத்தில் ஆட்சேபம் கொடுத்தேன். கார்டை புளொக் பண்ணிவிட்டால் போதும் என்று ஒஃபிஸில் ஒருவர் சொன்னார். அது போதாது. கார்டை நிறுத்தினால் அடுத்த முறை காசு எடுப்பதுதான் நிற்கும், ஒப்பந்தம் நிற்காது, காசு வரவில்லை என்று ஜிம் தம்பியிடம் நிலுவை கேட்கும். பாங்கில் கேட்ட முதல் கேள்வியே ரத்துச் செய்ததற்கு ஆதாரம் என்ன, எந்தத் திகதி என்பதுதான். ரத்துச் செய்த பிறகும் தொடர்ந்து எடுக்கும் தொகையை ஆட்சேபிக்க கார்ட் நிறுவனங்களின் விதிகளில் தனி வகையே இருக்கிறது, ஆனால் அதற்குக் கால எல்லை உண்டு, ஸ்டேட்மெண்ட் வந்ததும் போய்விடுங்கள். வட்ஸ்அப் ஸ்கிரீன்ஷொட்டில் ஜிம்மின் இலக்கமும் திகதியும் தெரிய வேண்டும், அவர்களுடைய பெயரை மட்டும் நீங்கள் சேவ் பண்ணி வைத்திருந்தால் இலக்கம் மறைந்துவிடும், தொடர்பு விபரத்தைத் திறந்து அதையும் படம் எடுங்கள்.

இரண்டாவது இமெயிலில் நான் ஒரு வரி சேர்த்தேன், திருத்திய கடிதம் வராவிட்டால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையில் முறைப்பாடு செய்வோம் என்று. 1977 என்ற இலக்கத்துக்கு எடுத்து விபரம் கேட்கலாம், ஆனால் முறைப்பாடு எழுத்தில் இருக்க வேண்டும், சேவை பெற்று மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். ஜிம்காரர் "பார்க்கிறோம் மிஸ், அடுத்த கிழமை" என்று இழுக்கும்போது இந்த மூன்று மாதமும் ஓடிக்கொண்டிருக்கும். எங்களுக்கு அங்கே போகத் தேவை வரவில்லை. மே 31 என்று போட்ட கடிதம் வந்தது, கேட்ட மூன்று விஷயமும் இருந்தது, அதற்குப் பிறகு 90,000உம் கார்டுக்குத் திரும்பி வந்தது.

லொக்கர் சாவிக்குக் கட்டிய 2,000 டிப்பொசிட் மட்டும் இன்னும் வரவில்லை. சாவியைக் கொடுத்ததற்கு ரசீது எங்கே என்று கேட்கிறார்கள், தம்பியிடம் அது இருக்கிறது, நாளைக்கு அதையும் ஸ்கேன் பண்ணி அதே இமெயிலின் கீழே போடப் போகிறேன்.