கைவரைபட அளவை அட்டவணையில் ஏற்ற: ஒரே கட்டமா, அடி–அங்குலம் தனித்தனியா?

படுக்கையறை 10'6" × 12'0" என்று பென்சிலில் எழுதியிருக்கிறது. இதை எப்படி ஏற்றுவது?

வேகம்
ஒரே கட்டம்: பார்த்ததை அப்படியே தட்டலாம்.
தனித்தனி: அறைக்கு நான்கு எண்கள், கொஞ்சம் நேரம் கூடும்.

பிழை
ஒரே கட்டம்: 10'6" என்பது அட்டவணைக்கு வெறும் எழுத்துதான், கூட்டாது. அதனால் பலர் 10.6 என்று மாற்றுகிறார்கள்; பெரிய தவறு. 6 அங்குலம் அரை அடி, ஆகவே 10.5. பரப்பு 126 சதுர அடி, 127.2 அல்ல.
தனித்தனி: நீளம் B, C, அகலம் D, E. சூத்திரம்:

```
=(B2+C2/12)*(D2+E2/12)
```

அங்குலக் கட்டத்தில் 11-க்கு மேல் எண் வந்தால், பெரும்பாலும் " குறியை 11 என்று படித்திருப்பீர்கள்.

சரிபார்ப்பு
ஒரே கட்டம்: கண்ணால்தான்.
தனித்தனி: 10'6" நீளவாக்கில் அடுத்துள்ள அறை 12'0", மூன்று சுவர்கள் 9 அங்குலம் வீதம் என்றால் வெளி அளவு 24'9" வரவேண்டும். வராவிட்டால் வரைபடத்துக்கே திரும்புங்கள். இந்தச் சோதனையைத் தவிர்க்கவே கூடாது.

அறைப் பட்டியல் மட்டும் போதுமென்றால் ஒரே கட்டம். தரை ஓடு, பெயின்ட் கணக்கிட வேண்டுமென்றால் தனித்தனிதான்.